மாரிகுப்பத்தில் ஒரு தனிப்பயிற்சி மையம்: ஏழு அளவுகோல்களில் ஒரு மதிப்பீடு

பங்காரப்பேட்டையிலிருந்து கிளை பிரியும் இருப்புப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. தங்கச் சுரங்கங்களுக்காக அமைக்கப்பட்ட அப்பாதை, இன்று தங்கத்தைச் சுமக்கவில்லை. உழைக்கும் மனிதர்களைச் சுமக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், கோலார் தங்கவயலின் தமிழ்க் குடும்பங்களில் பல, பெங்களூரை நம்பி வாழத் தொடங்கின. விடியலுக்கு முன்னர் தொடர்வண்டி ஏறி இரவில் வீடு திரும்பும் பெற்றோர் இங்கு ஏராளம். பள்ளி விட்டு வரும் பிள்ளை மாலை முழுவதும் யாருடைய பார்வையில் படிக்கும் என்பதே அவர்களின் அன்றாடக் கவலை. அந்த இடைவெளியில்தான் இவ்வூரின் டியூஷன் மையங்கள் நிற்கின்றன.

லைன் வீடொன்றின் முன்னறையில் பத்துப் பிள்ளைகளுடன் தொடங்கும் டியூஷன், நற்பெயர் பெற்றால் சில ஆண்டுகளில் அறுபது பிள்ளைகள் பயிலும் மையமாக வளர்ந்துவிடும். அந்நிலையில் அதனை நடத்துபவர் ஆசிரியர் மட்டுமல்லர், தொழில்முனைவோருமாவார். இருக்கைகளுக்கும் மின்கல ஏற்பாட்டிற்கும் கடன் வேண்டி அவர் வங்கியை நாடுகிறார். மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் பெற்றோரும் நம் வாடிக்கையாளரே. மையம் நன்றாக நடக்கிறதா என்பதை அறியவேண்டிய தேவை இருவருக்கும் உண்டு. அதற்கான எளிய அளவுகோல் ஒன்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

சந்தைப்படுத்தல் கலவை என்னும் கருத்தை 1960ஆம் ஆண்டில் ஜெரோம் மெக்கார்த்தி நான்கு கூறுகளாக வகுத்தார். பொருள், விலை, இடம், விளம்பரம் என்பன அவை. சோப்புக்கும் சைக்கிளுக்கும் அந்நான்கு போதும். ஆனால் கல்வியைப் போன்ற சேவையை வாங்குமுன் கையில் எடுத்துப் பார்க்க இயலாது. எஞ்சியதைச் சேமித்து வைத்து நாளை விற்கவும் இயலாது. எனவே 1981ஆம் ஆண்டில் பூம்ஸ், பிட்னர் ஆகிய இருவரும் மனிதர், செயல்முறை, கண்கூடான சான்று என்னும் மூன்று கூறுகளைச் சேர்த்தனர். இவ்வேழையும் மாரிகுப்பத்து மையம் ஒன்றன்மீது பொருத்திப் பார்ப்போம். கணக்கிற்காக நாம் எடுத்துக்கொள்வது ஒரு மாதிரி மையம். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை 65 பிள்ளைகள், மாதக் கட்டணம் 800 ரூபாய், ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாத வகுப்புகள். இவ்வெண்கள் விளக்கத்திற்காக நாம் கொண்டவை; வாசகர் தத்தம் எண்களை இட்டுப் பார்க்கலாம்.

பொருள்: விற்கப்படுவது எது?

மையத்தை நடத்துபவரிடம் என்ன கற்பிக்கிறீர்கள் என்று கேட்டால், கணிதம், அறிவியல், ஆங்கிலம் எனப் பாடங்களின் பெயர்களே விடையாக வரும். பெற்றோர் வாங்குவதோ வேறு. சிலர் வீட்டுப்பாடத்தை முடிக்கும் கண்காணிப்பை வாங்குகின்றனர். சிலர் வகுப்பில் புரியாததைப் புரியவைக்கும் விளக்கத்தை வாங்குகின்றனர். சிலர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பயிற்சியை வாங்குகின்றனர். இம்மூன்றும் மூன்று வெவ்வேறு சேவைகள். ஒரே அறையில் ஒரே நேரத்தில் மூன்றையும் தருவதாகச் சொல்லும் மையத்தில், பெரும்பாலும் வீட்டுப்பாடம் மட்டுமே முடிகிறது.

மாரிகுப்பத்தில் இப்பொருளுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. வீட்டு மொழி தமிழ். பள்ளியில் பாடமொழி ஆங்கிலமாகவோ கன்னடமாகவோ இருக்கும். கன்னடம் கட்டாய மொழிப்பாடமுமாகும். வட்டியும் விகிதமும் தமிழில் சொன்னால் உடனே விளங்கிக்கொள்ளும் பிள்ளை, தேர்வுத்தாளில் ஆங்கில வினாவைப் படித்தவுடன் தடுமாறுவது இங்கு இயல்பு. தமிழில் விளக்கி, தேர்வு மொழியில் எழுதவைத்து, இரண்டிற்கும் இடையிலுள்ள பாலத்தைக் கட்டித் தரும் மையம், நகரத்துப் பெரிய மையம் தர இயலாத ஒரு பொருளைத் தருகிறது. அதனைத் தன் சிறப்பாக அறிந்து வைத்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

பொருளின் தரத்தை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். கர்நாடகப் பத்தாம் வகுப்பில் முதல் மொழி நீங்கலான ஒவ்வொரு பாடத்திலும் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 20 மதிப்பெண் பள்ளியின் அகமதிப்பீட்டிற்கும் உரியவை. அகமதிப்பீடு பள்ளியின் கையில் இருப்பது; அதனைத் தன் சாதனையாக எந்த மையமும் காட்டலாகாது. எழுத்துத் தேர்விலும், வந்து சேர்ந்தபோது பெற்ற மதிப்பெண்ணுக்கும் பின்னர் பெற்றதற்கும் உள்ள வேறுபாடே மையத்தின் பங்கு. 80க்கு 70 எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை 72 எடுப்பதைவிட, 22 எடுத்தவர் 40 எடுப்பதில் மையத்தின் உழைப்பு மிகுதி. ஜூன் மாதத்திலேயே ஒரு தொடக்கத் தேர்வு வைத்து, அத்தாளைப் பத்திரப்படுத்தும் மையத்திற்கே இவ்வேறுபாட்டைக் காட்ட முடியும். அத்தாள் இல்லையெனில், பொருளின் தரம் பற்றிய எந்தப் பேச்சும் வெறும் பேச்சே.

இடம்: தெருவும் நேரமும்

பெரிய கடைவீதிகளும் பெயர்பெற்ற மையங்களும் ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் இருக்கின்றன. மாரிகுப்பத்து மையத்தின் வலிமை, பிள்ளை நடந்தே வந்து நடந்தே திரும்பலாம் என்பது. இருட்டிய பின் பெண்பிள்ளைகளை ஆட்டோவில் அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இவ்வருகாமை, கட்டணச் சலுகையைவிட மதிப்புடையது.

எனினும் சேவைத்தொழிலில் இடம் என்பது முகவரி மட்டுமன்று. அச்சேவை எந்நேரத்தில் கிடைக்கிறது என்பதும் அதனுள் அடங்கும். ஒரு காலத்தில் இவ்வூரின் நாட்பொழுதைச் சுரங்கத்தின் முறைநேரம் வகுத்தது. இன்று வகுப்பது தொடர்வண்டியின் கால அட்டவணை. மையம் ஏழரை மணிக்கு மூடப்பட, பெற்றோரின் வண்டி எட்டரைக்கு வந்து சேருமாயின், நடுவிலுள்ள ஒரு மணி நேரம் பிள்ளை தனியே இருக்கிறது. பாடம் முடிந்தபின் ஒரு பெரியவரின் மேற்பார்வையில் அமைதியாகப் படிக்கும் நேரத்தை அம்மையம் சேர்த்துக்கொண்டால், புதிய ஆசிரியர் எவரையும் அமர்த்தாமலேயே சேவையின் மதிப்பு உயர்கிறது.

அலைபேசி வழிப் பாடங்கள் வந்துவிட்ட பிறகு அருகாமைக்கு என்ன மதிப்பு என்று சிலர் கேட்கலாம். இங்கு வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே நல்ல அலைபேசி. அது பகல் முழுவதும் பெற்றோருடன் பெங்களூரில் இருக்கிறது. ஆகவே பதிவுசெய்த காணொளிப் பாடம் மாலையில் பிள்ளையைச் சென்றடையாது. ஆனால் அதே அலைபேசி வண்டியில் வரும் பெற்றோரைச் சென்றடையும். இவ்வூரில் பாடத்தின் இடம் தெரு. தகவலின் இடம் தொடர்வண்டி.

விலை: நூறு ரூபாயின் எடை

மாதிரி மையத்தின் செலவைப் பார்ப்போம். வாடகை 8,000 ரூபாய். உரிமையாளர் தமக்கென எடுத்துக்கொள்ளும் ஊதியத்தையும் சேர்த்து மூவருக்குத் தலா 8,000 வீதம் 24,000. மின்சாரமும் பிறவும் 3,000. மொத்தம் மாதம் 35,000 ரூபாய். பிள்ளைகள் எண்ணிக்கை எதுவாயினும் இச்செலவு மாறாது. இவற்றைத் தவிர ஒவ்வொரு பிள்ளைக்கும் வினாத்தாள் நகலுக்கும் தாளுக்கும் மாதம் 100 ரூபாய் ஆகிறது. எனவே 800 ரூபாய்க் கட்டணத்தில் மையத்திற்கு நிற்பது 700. நிலைச்செலவாகிய 35,000ஐ 700ஆல் வகுத்தால் 50 வரும். ஐம்பது பிள்ளைகள் இருந்தால் இழப்பும் இல்லை, ஆதாயமும் இல்லை.

அடுத்த தெருவில் 700 ரூபாய்க்கு ஒரு மையம் திறக்கப்படுகிறது என்று கொள்வோம். நம் உரிமையாளரும் நூறு ரூபாய் குறைக்கிறார். அவருக்கு நிற்பது இப்போது 600. இழப்பின்றி நடத்த 59 பிள்ளைகள் தேவை. எட்டில் ஒரு பங்கு கட்டணத்தைக் குறைத்ததனால், ஒன்பது பிள்ளைகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றனர். அவ்வொன்பது பேரும் வந்தாலும் வகுப்பில் நெரிசல் மிகும், கவனிப்புக் குறையும். விலைக்குறைப்பு இவ்வாறு பொருளின் தரத்தையே தின்றுவிடக்கூடும்.

கட்டணத்தின் அளவைவிட அது செலுத்தப்படும் முறையே இவ்வூரில் பல பெற்றோருக்கு முக்கியம். நாள்கூலியும் வாரக்கூலியும் பெறுவோர் உண்டு. மாதச் சம்பளம் ஏழாம் தேதிக்குப் பின் வருவோரும் உண்டு. முதல் தேதியில் கட்டணம் செலுத்தாத பிள்ளையை எழுப்பி நிறுத்தும் மையம், 800 ரூபாயை வசூலிக்க முயன்று ஒரு குடும்பத்தின் மதிப்பை இழக்கிறது. பத்தாம் தேதிக்குள் அல்லது இரு தவணைகளில் செலுத்தலாம் என்னும் விதி, கட்டணத்தைக் குறைக்காமலேயே அதனைத் தாங்கத்தக்கதாக ஆக்குகிறது.

விளம்பரம்: பேனர் எதனைக் கொண்டுவருகிறது?

மே மாத இறுதியில் நிலையத்து வாயிலிலும் தெருமுனைகளிலும் பேனர்கள் தோன்றுகின்றன. மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் படங்கள், அவற்றின் கீழே எண்கள். நம் மாதிரி மையமும் இவ்வாறு 12,000 ரூபாய் செலவிட்டு, அதனால் எட்டுப் பிள்ளைகளைப் பெற்றது என்று கொள்வோம். அவர்கள் இரண்டே மாதங்களில் விலகினால் மையத்திற்கு நிற்பது எட்டு பேருக்கும் சேர்த்து 11,200 ரூபாய். பேனர் செலவுகூடத் திரும்பவில்லை. பத்து மாதமும் தங்கினால் 56,000 நிற்கும். ஆக, விளம்பரம் ஆதாயம் தந்ததா என்பதை விளம்பரம் தீர்மானிப்பதில்லை. சேர்ந்தபின் நடப்பது தீர்மானிக்கிறது.

இத்துறையில் இப்போது சட்ட வரம்புகளும் உண்டு. பயிற்சித் துறையின் தவறான விளம்பரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தேர்ச்சி உறுதி, மதிப்பெண் உறுதி என்னும் வாக்குறுதிகள் கூடா. சில இடங்களே உள்ளன என்று பொய்யாக அவசரப்படுத்தலும் கூடாது. வெற்றி பெற்ற மாணவரின் பெயரையோ படத்தையோ பயன்படுத்துவதற்கு, அவர் வெற்றி பெற்ற பின்னர் எழுத்துவழி ஒப்புதல் பெறவேண்டும். அவர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஐம்பது பேருக்கு மேற்பட்டோர் பயிலும் மையங்களே இவ்வழிகாட்டுதலின் வரையறைக்குள் வருகின்றன. நம் மாதிரி மையத்தில் 65 பேர் என்பதை நினைவில் கொள்க. சேரும்போதே ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இனிச் செல்லாது.

மாரிகுப்பம் போன்ற ஊரில் வலிமையான விளம்பரம் வண்டிப் பெட்டிக்குள் நடக்கிறது. நாள்தோறும் ஒரே பெட்டியில் ஒரே முகங்களுடன் பயணம் செய்வோர், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. அங்கு ஒரு தாய் சொல்லும் நற்சொல்லுக்குச் செலவில்லை. அவர் சொல்லும் குறைக்கு எந்தப் பேனரும் மருந்தாகாது. புதிதாகச் சேர்வோரிடம் எங்கள் மையத்தைப் பற்றி யார் சொன்னார்கள் என்று கேட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொண்டால், அடுத்த மே மாதம் பணத்தை எங்கே செலவிடுவது, எங்கே செலவிட வேண்டாம் என்பது தெளிவாகும்.

மனிதர்: கற்பிப்பவரும் நிலைத்திருப்பதும்

இத்தகைய மையங்களில் கற்பிப்போர் பெரும்பாலும் பட்டப்படிப்பை முடித்து, வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளின் மொழியும் வீட்டு நிலையும் அவர்களுக்குத் தெரியும். அது பெரும் நன்மை. ஆனால் பெங்களூரில் வேலை கிடைத்த மறுநாள் அவர்கள் விலகிவிடுவர். அதிலும் கணித ஆசிரியர் நவம்பரில் சென்றால், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வாண்டின் மிக முக்கியமான மாதங்கள் வீணாகும்.

ஊதியத்தை மட்டும் உயர்த்தி இதனைத் தடுக்க இயலாது. பெங்களூருடன் மாரிகுப்பம் போட்டியிட முடியாது. ஓர் ஆசிரியர் சென்றால் மற்றவர் தொடரும் வகையில் பணியை அமைப்பதே வழி. இந்த வாரம் எந்தப் பாடம், எந்தக் கணக்குகள், எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பவை ஒரு குறிப்பேட்டில் இருந்தால், புதியவர் இரண்டு நாட்களில் தொடங்கிவிடலாம். இருப்பது ஆசிரியரின் நினைவில் மட்டும் எனில், அவருடன் அதுவும் தொடர்வண்டி ஏறிவிடும். மார்ச் வரை தங்குவோருக்கு ஆண்டின் இறுதியில் ஒரு மாத ஊதியத்தை ஊக்கத்தொகையாகத் தருவதும் சில மையங்களுக்கு ஏற்ற வழியாகலாம்.

பெற்றோர் கேட்கவேண்டியது ஆசிரியரின் பட்டம் என்ன என்பது மட்டுமன்று. சென்ற ஆண்டு கணிதம் கற்பித்தவரே இவ்வாண்டும் கற்பிக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும்.

செயல்முறை: விலகல் தொடங்கும் இடம்

ஏழு கூறுகளில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது இது. எமது கருத்தில், மாரிகுப்பத்தைப் பொறுத்தவரை மிக முக்கியமானதும் இதுவே. தொலைவில் இருக்கும் பெற்றோரால் வகுப்பைக் காண இயலாது. அவர்கள் காண்பது நான்கு நிகழ்வுகளை மட்டுமே: பிள்ளை வந்ததா என்னும் செய்தி, தேர்வு வைத்து எத்தனை நாட்களில் தாள் திரும்பிற்று என்பது, செலுத்திய பணத்திற்கான ரசீது, குறை சொன்னால் கிடைக்கும் விடை. இந்நான்கும் சீராக இருந்தால் மையம் சீராக இருப்பதாகப் பெற்றோர் கொள்வர். ஒன்று பிசகினால் மற்றவற்றையும் ஐயுறுவர்.

பிள்ளை எவ்வாறு விலகுகிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். பெரும்பாலும் எவரும் வந்து விலகுகிறோம் என்று சொல்வதில்லை. முதலில் வாரத்திற்கு ஒரு நாள் வருகை தவறும். பிறகு இரண்டு நாள். ஒரு தேர்வை எழுதாமல் விடும். அடுத்த மாதக் கட்டணம் தாமதமாகும். அதன்பின் வருகை நின்றுவிடும். இவ்வரிசையில் முதல் படியிலேயே யாரேனும் கவனித்திருந்தால் பிள்ளையைத் தக்கவைத்திருக்கலாம். வருகைப் பதிவேடு வெறும் பெயர் அழைப்புக்காக இருக்கும் மையத்தில், நான்காம் படியில்தான் விழிப்பு வருகிறது.

ஆகவே நாம் பரிந்துரைக்கும் செயல்முறை எளிது. வகுப்பு தொடங்கிய அரை மணிக்குள், வராத பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் குறுஞ்செய்தி. ஒரே வாரத்தில் இருமுறை வராதோருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அதுவும் பெற்றோர் வண்டியிலோ வீட்டிலோ இருக்கும் இரவு நேரத்தில். வாரத் தேர்வின் தாள், அடுத்த வகுப்பு நாளிலேயே திருத்தி வழங்கப்படவேண்டும். கட்டணம் வங்கிக் கணக்கின் வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ மையத்தின் பெயரிலுள்ள கணக்கில் சேரவேண்டும். இவற்றிற்காக மாதம் 1,500 ரூபாய் பகுதிநேர உதவியாளருக்குத் தரலாம். பாடம் முடிந்தபின் நடக்கும் படிப்பு நேரத்தையும் அவரே மேற்பார்க்கலாம்.

கண்கூடான சான்று: கண்ணுக்குத் தெரிவதும் தெரியவேண்டியதும்

சேவையைத் தொட்டுப் பார்க்க இயலாதபோது, மக்கள் தொட்டுப் பார்க்கக்கூடியவற்றிலிருந்து அதனை ஊகிக்கின்றனர். வண்ணம் பூசிய சுவர், பெயர்ப்பலகை, அச்சிட்ட அடையாள அட்டை ஆகியவற்றை முதல் நாள் பார்ப்பர். அவை தேவையே; ஆனால் அவை ஏமாற்றவும் கூடும். மெய்யான சான்றுகள் வேறு: தேய்ந்த கரும்பலகை, பிள்ளையின் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதிய திருத்தம், திருத்தத்தின் கீழே பிள்ளை மீண்டும் எழுதிய விடை. சிவப்புச் சரிக்குறி மட்டும் நிறைந்து, தவறு எதுவும் சுட்டப்படாத குறிப்பேடு, படிக்காமல் இடப்பட்ட கையொப்பத்தின் சான்று.

பாதுகாப்பும் இதனுள் அடங்கும். 2024 ஜூலையில் தில்லியில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறையில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். படிக்கும் இடம் எதற்காகக் கட்டப்பட்டது, ஆபத்தில் எவ்வழியே வெளியேறுவது என்னும் கேள்விகளைச் சிறு மையங்களும் கேட்டாக வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ஒரு வகுப்பில் பிள்ளைக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கின்றன. பழைய லைன் வீட்டின் முன்னறை பத்தடிக்குப் பத்தடி என்றால் ஏறத்தாழ ஒன்பது சதுர மீட்டர்தான். அதில் இருபது பேரை அமர்த்தினால், சுவரில் எவ்வளவு அழகிய வண்ணம் இருந்தாலும் சான்று பாதகமானதே. ஒரே வாயில் உள்ள அறையில் செருப்புகளும் மிதிவண்டிகளும் அவ்வாயிலை அடைத்திருக்கின்றனவா என்பதைப் பெற்றோர் ஒரு மாலையில் வந்து பார்த்தே அறியலாம்.

ஏழையும் சேர்த்துப் பார்த்தால்

இனி மாதிரி மையத்தின் ஆண்டுக் கணக்கைக் காண்போம். ஜூனில் 65 பிள்ளைகள். செப்டம்பர் வரை அவ்வெண்ணிக்கை நீடித்தது. அக்டோபர் முதல் மூன்று மாதம் 55. ஜனவரி முதல் மூன்று மாதம் 48. ஒரு பிள்ளைக்கு மாதம் 700 வீதம் ஆண்டில் நின்றது 3,98,300 ரூபாய். பத்து மாத நிலைச்செலவு 3,50,000. பேனருக்கு 12,000. வகுப்பு நடவாத ஏப்ரல், மே மாதங்களின் வாடகை 16,000. மிஞ்சியது 20,300 ரூபாய். ஜூனில் நிரம்பி வழிந்த மையம், ஜனவரியில் ஐம்பதிற்குக் கீழே சென்று மாதந்தோறும் இழப்பில் நடந்தது.

அதே மையம் பேனரை விட்டுவிட்டு, செயல்முறைக்காக மாதம் 1,500 வீதம் 15,000 ரூபாய் செலவிட்டது என்று கொள்வோம். வண்டிப் பெட்டியின் நற்சொல்லால் அதே 65 பேர் சேர்கின்றனர். அக்டோபரில் 62 பேரும் ஜனவரியில் 60 பேரும் தங்குகின்றனர். நின்ற தொகை 4,38,200. நிலைச்செலவு, உதவியாளர், இரு மாத வாடகை ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 57,200 ரூபாய். கட்டணம் உயரவில்லை, சேர்ந்தோர் எண்ணிக்கையும் மாறவில்லை. மிச்சம் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. பேனரின்றிச் சேர்க்கை ஐந்து குறைந்து, ஆண்டு முழுவதும் அக்குறை நீடித்தாலும், மிச்சம் 22,200 ரூபாய். முதல் கணக்கைவிடக் குறையவில்லை.

கடன் கேட்கும்போது இவ்வேறுபாடு வெளிப்படும். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுத் தவணைக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன் பெற்றால், மாதத் தவணை சுமார் 3,320 ரூபாய். ஆண்டுக்கு ஏறக்குறைய 39,850. இரண்டாம் கணக்கிலுள்ள மையம் அதனைச் செலுத்தலாம்; முதல் கணக்கிலுள்ளது செலுத்த இயலாது. முத்ரா திட்டத்தின் ஷிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை பெறலாம். அதே வட்டியில் அதன் தவணைகூட முதல் மையத்தின் மிச்சத்தை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். மையத்தின் பெயரிலுள்ள கணக்கில் மாதந்தோறும் சேரும் கட்டணங்களின் பதிவு, இவ்விரு மையங்களையும் வங்கிக்கு எளிதில் பிரித்துக் காட்டும். ஜூனுக்கும் ஜனவரிக்கும் இடையே எத்தனை பேர் குறைந்தனர் என்பதை அப்பதிவு ஒளிக்காது.

ஐம்பது பேர் என்னும் எல்லையைக் கடக்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன கல்வி அமைச்சக நெறிகள், ஐம்பதுக்கு மேற்பட்டோர் பயிலும் மையங்களில் 16 வயது நிரம்பாதோரைச் சேர்க்கலாகாது என்றும், இடையில் விலகுவோருக்கு எஞ்சிய காலத்திற்கான கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கூறுகின்றன. அவை மாநிலங்கள் தத்தம் சட்டங்களின் வழியே செயற்படுத்துவதற்கானவை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கும் மையத்தை இது நேரடியாகத் தொடுவதால், விரிவாக்கத்திற்குக் கடன் பெறுமுன் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவு குறித்தும் வயது வரம்பு குறித்தும் எழுத்துமூலம் கேட்டறிவது நன்று.

பெற்றோருக்கும் இம்மதிப்பீடு பயன்படும். ஏழு கூறுகளையும் ஒரே நாளில் ஆராய அவர்களுக்கு நேரம் இராது. மையத்திற்குச் சென்று மூன்றைக் கேட்டாலே போதும்: என் பிள்ளையின் தொடக்கத் தேர்வுத் தாளைக் காட்ட முடியுமா, பிள்ளை வராவிட்டால் எனக்கு எப்போது செய்தி வரும், சென்ற ஜூனில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மார்ச் வரை இருந்தனர்? மூன்றாவது கேள்விக்குப் பதிவேட்டைத் திறந்து விடை சொல்லும் மையத்தில், பேனரில் யார் படம் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவை எழாது.